அதட்டும் அறிவித்தல், பலவீனமான விதி

யாழ்ப்பாணத்தில் மாலை நேரத்தில் இயங்கும் தனியார் சிகிச்சை நிலையங்களில், பதிவு மேசைக்கு மேலே ஒட்டியிருக்கும் அறிவித்தலைப் பற்றி யாராவது குறை சொன்னால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "எங்கட சனத்துக்கு அதட்டிச் சொன்னாத்தான் விளங்கும். கனிவாப் போட்டா ஒருத்தரும் கணக்கெடுக்க மாட்டினம்." வைத்தியர்களும் பதிவு மேசையில் இருப்பவர்களும் இதைச் சொல்கிறார்கள். நேரத்துக்கு வந்து காத்திருந்து சலித்துப்போன நோயாளிகளும் இதையே சொல்கிறார்கள். அனுபவத்தில் பிறந்த உண்மைபோல இது உலவுகிறது. இது தவறு என்று சொல்லவே இதை எழுதுகிறேன். அதட்டல் மனதை நோகச் செய்கிறது என்பது என் முதல் வாதம் அல்ல. அதட்டும் அறிவித்தல் தான் செய்ய வந்த வேலையையே செய்வதில்லை என்பதுதான் என் வாதம்.

எதிர்த்தரப்பின் குறை பொய்யானது அல்ல. இலக்கம் எடுத்துவிட்டு ஒருவர் வராமல் விட்டால், இலக்கம் தீர்ந்துவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்ட இன்னொரு நோயாளியின் இடம் வீணாகிறது. பிந்தி வருபவரை உள்ளே விட்டால் வாங்கில் இருப்பவர்கள் முறுகுகிறார்கள், விடாவிட்டால் வந்தவர் கத்துகிறார். இரண்டுக்கும் நடுவில் நிற்பது பதிவு மேசையில் இருக்கும் இளம்பெண். அவளுக்கு ஒரு பாதுகாப்பு வேண்டும், அதற்கு ஒரு விதி வேண்டும். ஆகவே விதியைக் கைவிடச் சொல்லி நான் கேட்கவில்லை. உறுதியான விதி ஒன்றைத்தான் கேட்கிறேன்.

பேச்சு காற்றில் போகாமல் இருக்க ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். அரியாலையில் கண்டி வீதியோரம் ஒரு சிறிய சிகிச்சை நிலையம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இது எந்த உண்மையான நிலையத்தையும் குறிப்பதல்ல. ஒரே ஒரு வைத்தியர். பகலில் அரச வைத்தியசாலையில் கடமை, மாலை ஐந்து மணிக்கு இங்கே வருகிறார், எட்டு மணிவரை பார்க்கிறார். நாளுக்கு முப்பது இலக்கங்கள். வருபவர்களில் பலர் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் மருந்து எடுப்பவர்கள், மிச்சம் காய்ச்சலும் இருமலுமாக வரும் பிள்ளைகள். சுவரில் இப்படி ஓர் அறிவித்தல்:

"1. நேரம் தவறி வருபவர்கள் எக்காரணம் கொண்டும் பார்க்கப்படமாட்டார்கள்.
2. இலக்கம் பெற்றுவிட்டு வராதவர்களுக்கு மீண்டும் இலக்கம் வழங்கப்படமாட்டாது.
3. இலக்கத்தை இரத்துச் செய்வோர் முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும்.
4. பதிவு மேசையில் வாக்குவாதம் செய்வதை முற்றாகத் தவிர்க்கவும்."

இதில் நமக்குப் பழக்கமில்லாத வசனம் ஒன்றும் இல்லை. முதல் வரியை எடுப்போம். "எக்காரணம் கொண்டும்" என்று இது சொல்கிறது. பூம்புகார்ப் பக்கமிருந்து ஒரு தாய், காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் பிந்தி வருகிறாள். வைத்தியர் பார்க்கமாட்டாரா? பார்ப்பார், பார்க்கவும் வேண்டும். அந்தக் கணமே முதலாம் விதி பொய்யாகிவிட்டது. வாங்கில் இருக்கும் பத்துப் பேர் அதைக் கண்டுவிட்டார்கள். அடுத்த நாள் வைத்தியரின் பழைய வகுப்புத் தோழர் பிந்தி வருகிறார், அவரும் உள்ளே போகிறார். மூன்றாம் நாள் ஒருவர் சத்தம் போட்டு உள்ளே போகிறார். நான்காம் நாள், யாரையும் தெரியாத, சத்தம் போடவும் தெரியாத ஒரு மூதாட்டி பத்து நிமிடம் பிந்தி வருகிறாள். அவளுக்கு மட்டும் சுவரிலுள்ள விதி பொருந்துகிறது.

கடுமையின் உண்மையான விளைவு இதுதான். எந்த மனிதரும் முழுமையாகக் கடைப்பிடிக்க முடியாத அளவுக்கு ஒரு விதியை இறுக்கினால் விதிவிலக்குகள் தாமாக முளைக்கும். அவை எங்கும் எழுதப்பட்டிருக்காது. ஆகவே தெரிந்த ஆட்களுக்கும் குரல் உயர்த்துபவர்களுக்குமே அவை போய்ச் சேரும். அறிவித்தல் பேரம் பேசக்கூடியது என்பதைச் சனம் விரைவாகக் கற்றுக்கொள்கிறது. நான்காம் விதி தடை செய்யும் வாக்குவாதத்தை உண்டாக்குவது முதலாம் விதிதான். "ஒருத்தரும் கணக்கெடுக்க மாட்டினம்" என்ற முறைப்பாடு சரியாக இருக்கலாம். ஆனால் அதன் காரணம் கனிவு அல்ல.

இரண்டாம் வரி இதைவிட ஆபத்தானது. நீரிழிவு நோயாளி ஒருவர் ஒரு மாதம் வர மறந்துவிடுகிறார். இனி இலக்கம் இல்லை என்று சுவர் சொல்கிறது. உண்மையில் போனால் கொடுப்பார்கள், ஆனால் முதலில் நாலு பேர் முன்னிலையில் ஒரு ஏச்சு விழும் என்று அவருக்குத் தெரியும். அதற்குப் பயந்து அடுத்த வாரம் போவோம் என்று தள்ளிப்போடுகிறார். மருந்து முடிகிறது. பாமசியில் பழைய துண்டைக் காட்டி அதே குளிசையை வாங்கிக்கொள்கிறார். சீனி அளவு பார்க்கப்படாமல், குளிசையின் அளவு திருத்தப்படாமல் மாதங்கள் ஓடுகின்றன. ஒருமுறை தவறியவரை மீண்டும் வாசலுக்கு அழைத்து வருவதுதான் நீண்டகால நோய்ச் சிகிச்சையின் பாதி வேலை. அந்த வாசலில் நின்று மறிக்கிறது இந்த வரி.

மூன்றாம் வரி பார்வைக்கு நியாயமானது, ஆனால் வெறுமையானது. எவ்வளவு முன்கூட்டி? யாருக்கு? எந்தத் தொலைபேசியில்? பகலில் பூட்டியிருக்கும் நிலையத்துக்கு எப்படி? வர முடியாது என்று காலை பத்து மணிக்கே தெரிந்துகொண்ட ஒரு நோயாளி அந்த அறிவிப்பைச் செய்ய வழி எதுவும் இங்கே எழுதப்படவில்லை. கட்டளை இருக்கிறது, அதை நிறைவேற்றும் வழி இல்லை. பிறகு "அறிவிக்காமல் விட்டார்கள்" என்று சனத்தின் மேல் பழி விழுகிறது.

இங்கே சிலர் ஒரு சமரசத்தை முன்வைப்பார்கள். "தயவுசெய்து" என்று ஒவ்வொரு வரியிலும் சேர்த்துவிட்டால் போதாதா? போதாது. "தயவுசெய்து முன்கூட்டியே அறிவிக்கவும்" என்பதிலும் அதே வெறுமைதான். தொலைபேசி இலக்கம் அப்போதும் இல்லை. வாசிப்பவருக்கு உதவுவது அவர் அடுத்ததாகச் செய்யவேண்டிய காரியம் என்ன என்ற தகவல். அது இருந்தால் தொனி தானாகவே மாறும்.

இது வெறும் நம்பிக்கை அல்ல, சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரிலுள்ள சில சுகாதார நிலையங்களில் நடந்த ஆய்வு 2012இல் வெளியானது. சென்ற மாதம் இத்தனை பேர் வராமல் விட்டார்கள் என்று கண்டிக்கும் அறிவித்தல்கள் அங்கே சுவரில் இருந்தன. எத்தனை பேர் நேரத்துக்கு வந்தார்கள் என்று சொல்லும் அறிவித்தல்களை அவற்றின் இடத்தில் வைத்தார்கள். அடுத்த சந்திப்பின் திகதியையும் நேரத்தையும் ஊழியர் எழுதிக் கொடுக்காமல் நோயாளியையே எழுதச் செய்தார்கள். தன் கையால் எழுதுவது மட்டுமே வராதவர்களின் எண்ணிக்கையை ஏறக்குறைய 18 சதவீதம் குறைத்தது. இரண்டையும் சேர்த்தபோது குறைவு 30 சதவீதம் அளவுக்குப் போனது. காரணத்தை விளங்கிக்கொள்வது கடினமல்ல. "இத்தனை பேர் வரவில்லை" என்ற அறிவித்தல், வராமல் விடுவது இங்கே வழமையான விடயம் என்று வாசிப்பவருக்குச் சொல்லிக்கொடுக்கிறது. வெட்கப்படுத்த எழுதியது பலருக்கு அனுமதியாகிவிடுகிறது.

எதிர்த்தரப்புக்கு ஆதரவாகத் தோன்றும் ஓர் ஆய்வும் இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையல்ல. இலண்டனின் பார்ட்ஸ் வைத்தியசாலைக் குழுமத்தில் நடந்த சோதனையின் முடிவுகள் 2015இல் வெளியாகின. சந்திப்பை நினைவூட்டும் குறுஞ்செய்தியில், நீங்கள் வராவிட்டால் அரச சுகாதார சேவைக்கு ஏறக்குறைய 160 பவுண் செலவாகும் என்ற வரியைச் சேர்த்தபோது வராதவர்கள் 11.1 சதவீதத்திலிருந்து 8.4 சதவீதமாகக் குறைந்தார்கள். "பார்த்தீர்களா, குற்றத்தை உணர்த்தினால் வருகிறார்கள்" என்று இதைக் காட்டலாம். ஆனால் அந்தச் செய்தியின் முழு அமைப்பையும் பாருங்கள். உங்களை இன்ன இடத்தில், இன்ன நேரத்தில் எதிர்பார்க்கிறோம் என்று அது தொடங்குகிறது. வராமையின் விளைவை ஒரு தொகையாகச் சொல்கிறது. மாற்றவோ இரத்துச் செய்யவோ இந்த இலக்கத்துக்கு அழையுங்கள் என்று முடிகிறது. அதில் மிரட்டல் இல்லை, ஏச்சு இல்லை. விளைவைச் சொல்வதற்கு நான் எதிரியல்ல. இன்னொரு நோயாளியின் இடம் வீணாகும் என்பதை நம் அறிவித்தலும் சொல்லத்தான் வேண்டும். சொன்ன கையோடு அதைத் தவிர்க்கும் வழியையும் கொடுக்க வேண்டும்.

இந்தச் செய்தி போய்ச் சேர்ந்த இடத்தையும் கவனியுங்கள். அது வீட்டிலிருந்த நோயாளியின் கைக்குப் போனது. நம் அறிவித்தலோ நிலையத்தின் உட்சுவரில் இருக்கிறது. "வராதவர்களே" என்று அது அதட்டுவது வந்து அமர்ந்திருப்பவர்களை நோக்கி. வராதவர் அதைக் காண்பதே இல்லை. நேரத்துக்கு வந்து வாங்கில் ஒரு மணி நேரம் இருப்பவர்தான் செய்யாத குற்றத்துக்கு அந்த ஏச்சைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்.

இனி, இதே நிலையத்துக்கு வேறோர் அறிவித்தலை எழுதிப் பார்ப்போம். எழுதும் முன்பு ஒரு கணக்கைச் செய்யவேண்டும். மூன்று மணித்தியாலத்தில் முப்பது பேர் என்றால் ஒருவருக்குச் சராசரி ஆறு நிமிடம். இன்று முப்பது பேரையும் "ஐந்து மணிக்கு வாங்கோ" என்று சொல்கிறோம். முப்பதாம் இலக்கக்காரர் ஏறக்குறைய மூன்று மணி நேரம் காத்திருக்கிறார். அடுத்த முறை அவர் ஏழு மணிக்கு வருகிறார், அதைப் பிந்தி வருதல் என்கிறோம். உண்மையில் அவர் நிலையம் செய்யாமல் விட்ட கணக்கைத் தானே செய்துகொண்டவர்.

இந்தக் கணக்குக்கு வயது எழுபதுக்கு மேல். நோர்மன் பெய்லி என்ற பிரித்தானியப் புள்ளிவிபரவியலாளர் வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவுகளின் வரிசைகளை ஆராய்ந்து 1952இல் எழுதினார். வைத்தியருடைய நேரத்தில் ஒரு நிமிடமும் வீணாகக்கூடாது என்று எல்லாரையும் முன்னதாக வரச்சொல்வதால், வைத்தியர் மிச்சம் பிடிக்கும் சில நிமிடங்களுக்காக நோயாளிகள் அளவுக்கு மிஞ்சிய நேரத்தை இழக்கிறார்கள் என்பது அவர் கண்டது. அவர் சொன்ன வழி எளியது. தொடக்கத்தில் இரண்டு பேரை வரச்சொல்லுங்கள், ஒருவர் பிந்தினாலும் வைத்தியர் சும்மா இருக்கமாட்டார். அதன்பிறகு சராசரி நேரத்துக்கு ஒருவராக வரச்சொல்லுங்கள். நம் நிலையத்தில் முதல் இருவருக்கும் 5.00 மணி, மூன்றாமவருக்கு 5.06, பத்தாமவருக்கு 5.48, முப்பதாமவருக்கு 7.48. துண்டில் எழுதும்போது பத்தாமவருக்கு 5.45 என்று எழுதினால் போதும். கொப்பியில் ஒரு நிரல் கூடுதலாகப் போடுவதுதான் இதற்கான முழு முதலீடு. வேலை ஐந்து மணிக்கு முடிபவருக்கும், பேரனின் மோட்டார் சைக்கிளுக்காகக் காத்திருக்கும் மூதாட்டிக்கும் பிந்திய இலக்கத்தைக் கேட்டு வாங்கும் வாய்ப்பும் இதனால் கிடைக்கிறது.

இப்போது அறிவித்தல்:

"உங்கள் நேரம்
உங்கள் துண்டில் ஒரு நேரம் எழுதியிருக்கிறது. அதற்குப் பத்து நிமிடம் முன்னதாக வந்தால் போதும்.

வர முடியாவிட்டால்
பிற்பகல் 3 மணிக்கு முன் கீழேயுள்ள இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது பெயரையும் துண்டு இலக்கத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. உங்களுக்காக வேறு யாரும் சொல்லலாம். உங்கள் இடத்தை இன்னொரு நோயாளிக்குக் கொடுத்துவிட்டு, உங்களுக்கு வேறு நாள் தருவோம். 3 மணி கடந்துவிட்டாலும் சொல்லுங்கள்.

பிந்தி வந்தால்
பதிவு மேசையில் சொல்லுங்கள். அடுத்த இரண்டு பேர் பார்த்து முடிந்ததும் உங்களை அழைப்போம். இரவு 7.45க்குப் பிறகு வந்தால் நாளைய முதல் இலக்கங்களில் ஒன்று உங்களுக்கு.

சொல்லாமல் வராமல் விட்டிருந்தால்
மீண்டும் வாருங்கள், இலக்கம் தருவோம். தொடர்ந்து இரண்டு முறை அப்படி நடந்தால், அடுத்த முறை முன்பதிவு இல்லை. அன்று வந்து, இடம் இருந்தால் பார்க்கலாம்.

யாரும் காத்திருக்கக்கூடாதவை
நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வலிப்பு, துவண்டுபோன குழந்தை: வந்தவுடன் சொல்லுங்கள். வீட்டில் இருந்தால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

வைத்தியர் பிந்தினால்
15 நிமிடத்துக்கு மேல் பிந்தும் என்று தெரிந்தவுடன் உங்கள் தொலைபேசிக்கு அறிவிப்போம்."

இதில் எந்த விதி தளர்ந்திருக்கிறது? பிந்தி வந்தவர் இரண்டு பேரை, அதாவது ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடங்களை இழக்கிறார். நேரத்துக்கு வந்தவர்கள் அதைக் காண்கிறார்கள். தோழருக்கும் அதே இரண்டு பேர், மூதாட்டிக்கும் அதே இரண்டு பேர். பதிவு மேசைப் பெண் யாரோடும் மல்லுக்கட்டத் தேவையில்லை, சுவரைக் காட்டினால் போதும். காய்ச்சலில் துவண்ட பிள்ளை உள்ளே போகும்போது அது சலுகை அல்ல, எல்லாரும் வாசித்திருக்கும் விதி. திரும்பத் திரும்ப வராமல் விடுபவருக்கும் இங்கே ஒரு விளைவு இருக்கிறது, அது நிறைவேற்றக்கூடிய விளைவு. "மீண்டும் வழங்கப்படமாட்டாது" என்று வீறாப்பாக எழுதிவிட்டுப் பிறகு வழங்குவதைவிட இது கடினமான விதி.

"காரணம் சொல்லத் தேவையில்லை" என்ற வரியைத்தான் பலர் எதிர்ப்பார்கள். அப்படிச் சொன்னால் எல்லாரும் நினைத்தபடி இரத்துச் செய்வார்களே என்பார்கள். செய்யட்டும். இரத்துச் செய்தவரின் இடம் இன்னொருவருக்குப் போகும். நமக்கு நட்டம் தருபவர் சொல்லாமல் வராதவர். அவர் சொல்லாமல் விடுவதற்கு ஒரு முக்கிய காரணம், மறுமுனையில் "ஏன்? என்னத்துக்கு?" என்று வரும் விசாரணை. உண்மையான காரணம் பெரும்பாலும் சொல்லக் கூச்சமானதாக இருக்கும். கையில் காசில்லை, கூட்டிவர ஆளில்லை, சுகமாகிவிட்டது. 2022இல் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது காரணம் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது, அதைச் சொல்ல யாரும் கூசவில்லை. மற்றைய காலங்களில் ஒவ்வொருவரின் இடரும் தனி இடர். விசாரணை இல்லை என்று தெரிந்தால் தொலைபேசியை எடுப்பார்கள்.

இதிலிருந்தே வெற்றியை அளக்கும் முறையும் வருகிறது. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். புதிய அறிவித்தல் வந்த சில வாரங்களில் இரத்துச் செய்யும் அழைப்புகள் கூடினால், "பார்த்தீர்களா, இளக்காரம் கொடுத்தோம்" என்று பழையதை மீண்டும் ஒட்டிவிடக்கூடும். கொப்பியில் ஒவ்வொரு கிழமையும் மூன்று எண்களைத் தனித்தனியாக எழுதவேண்டும்: சொல்லிவிட்டு வராதவர்கள், சொல்லாமல் வராதவர்கள், காலியான இடத்தில் பார்க்கப்பட்ட வேறு நோயாளிகள். முதலாவதும் மூன்றாவதும் ஏறி, இரண்டாவது இறங்கினால் அறிவித்தல் வேலை செய்கிறது. முதலாவது மட்டும் ஏறி மூன்றாவது ஏறாவிட்டால், குறை நோயாளியிடம் இல்லை. காலியான இடத்தை நிரப்ப நிலையத்திடம் காத்திருப்போர் பட்டியல் இல்லை.

அறிவித்தலின் சுருக்கத்தைத் துண்டின் பின்பக்கத்தில் அச்சடிக்கவேண்டும், முதல்நாள் மாலை குறுஞ்செய்தியாகவும் அனுப்பவேண்டும். சுவரில் ஒட்டும்போது, கண்புரை விழுந்த ஒருவர் வாங்கிலிருந்து வாசிக்கும் அளவுக்கு எழுத்துப் பெரிதாக இருக்கவேண்டும். ஒட்டும் முன்பு ஒரு சோதனை செய்யலாம். காத்திருக்கும் மூன்று நான்கு பேரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி, தாளை வாங்கிக்கொண்டு, "நாளைக்கு வர ஏலாமப் போனா என்ன செய்வியள் அம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் தடுமாறினால் திருத்தவேண்டியது தாளை.

அறிவித்தலால் ஆகாத காரியமும் உண்டு. அரச கடமை முடிந்து வரும் வைத்தியர் அங்கே ஓர் அவசர நோயாளியை விட்டுவிட்டு வரமுடியாது. சில நாட்களில் ஐந்து மணி ஆறாகும். எந்தத் தாளும் அதை மாற்றாது. ஆனால் காத்திருப்பின் காரணத்தைச் சொல்வதால் பல மாறும். பிரித்தானியாவில் 2011இல் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்காக வடிவமைக்கப்பட்ட தகவற் பலகைகள், இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள், ஏன் தாமதம் என்று நோயாளிகளுக்கு விளக்கின. சவுத்தாம்டனிலும் இலண்டனிலும் இரண்டு வைத்தியசாலைகளில் பரீட்சித்தபோது மிரட்டும் நடத்தையும் முரட்டுத்தனமும் பாதியாகக் குறைந்தன. ஊழியரைத் தாக்குவது குற்றம் என்ற எச்சரிக்கைப் பலகைகளால் முடியாததைத் தகவல் செய்தது.

ஆகவேதான் என் அறிவித்தலின் கடைசி வரியை விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. "கடுமை வேண்டும்" என்பவர்களின் அறிவித்தல்களில் வைத்தியரின் நேரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. பத்து நிமிடம் பிந்திய நோயாளிக்குத் தண்டனை எழுதும் கை, ஒரு மணி நேரம் பிந்தும் நிலையத்துக்கு ஒரு கடமையும் எழுதுவதில்லை. அதை நோயாளிகள் கவனிக்கிறார்கள், அதற்கேற்ப நடக்கிறார்கள். தன் தாமதத்தை முன்கூட்டிச் சொல்ல உறுதியளிக்கும் நிலையம் நோயாளியிடமும் அதையே உரிமையோடு கேட்கலாம். அந்த ஒரு வரியை எழுத மனம் வராத நிலையத்துக்கு மற்ற வரிகளை எழுதும் தகுதி இல்லை.